பதினஞ்சு டிகிரி பெட்ரோல்

தப்பு என் கையெழுத்துலதான் ஆரம்பிச்சது. மொதல்லயே சொல்லிட்றேன். அப்புறம் மறைச்சிட்டாள்னு எவனும் என்ன பேசக்கூடாது.

நான் சுகிர்தா. ஊரு திருப்புலிவனம். உத்திரமேரூர்ல பெட்ரோல் பங்க்ல ஏழு வருசமா வேல. காலையில ஆறு மணிக்குப் பங்க் தொறந்ததும் மொத வேல டென்சிட்டி பாக்கறது. பெட்ரோல கண்ணாடி ஜார்ல புடிச்சி, ஹைட்ரோமீட்டர மெதக்க வுட்டு, தர்மாமீட்டர வச்சி, ரெண்டு நம்பரையும் நோட்டுல எழுதணும். பெட்ரோல் சூடானா ஊதிக்கும். அளவு அதே லிட்டர்தான், உள்ள சரக்கு கொஞ்சம் கம்மி. அதனால டென்சிட்டி எறங்கும். ஒரு நாளு சூடு, ஒரு நாளு குளிரு, எப்படி ஒப்பிடறது? அதுக்குத்தான் ஒரு சார்ட் கீது. இதே பெட்ரோல் பதினஞ்சு டிகிரியில இருந்தா டென்சிட்டி எவ்ளோ காட்டும்னு அதுல பாத்து, அத்த போர்டுல எழுதுவோம். லோடு வந்தப்போ பேப்பர்ல இருந்த நம்பரும் இதுவும் ஒத்துப்போனா கலப்படம் இல்லன்னு ஒரு நம்பிக்கை.

அன்னிக்கு நான் எழுதனது: "டென்சிட்டி 742. 15 டிகிரி."

மாகறல் வீரபத்திரன் அத்த போட்டோ புடிச்சாரு. பட்டுச் சேல வியாபாரம் பண்ணவரு, இப்போ மகன் பாத்துக்கறான். இவருக்கு வேல இல்ல, போன் கீது. எரநூத்தி பதினாலு பேரு இருக்கற குரூப்ல போட்டாரு: "காலையில பங்க் பெட்ரோல் 15 டிகிரி! மதியம் 40! டிகிரிக்கு ஆயிரத்துல ஒரு பங்கு ஊதும். காலையில போட்டா நூறு ரூபாய்க்கு ரெண்டரை ரூபா லாபம்!"

கணக்கு சரி. டிகிரிதான் தப்பு. உத்திரமேரூர்ல பதினஞ்சு டிகிரி அடிச்சா நாங்க கம்பளியப் போத்திக்கினுதான் பெட்ரோல் போடணும். இந்தப் பக்கமே பொறந்து வளந்த மனுசனுக்கு அது தோணல பாரு.

மறுநாள் அஞ்சு மணிக்கே நாப்பது வண்டி வாசல்ல வந்து நின்னுச்சாம். நான் போறப்போ ஹாரன் அடிக்கறானுங்க. மொத வண்டி வீரபத்திரனோடது. மாகறல்ல இருந்து மொபெட்ல வந்துகீறாரு, நூறு ரூபாய்க்குப் போட. ரெண்டரை ரூபா மிச்சம் புடிக்க வரப் போவ கால் லிட்டர் எரிச்சாரு. பேஜார்.

நாலாம் நாளு ஓனர் ஸ்ரீராம்குமார் கூப்ட்டாரு. "ஒண்ணாந்தேதியில இருந்து நாலரைக்குத் தொறக்கறோம். மொத ஷிப்ட் நீதான்."

"சார், நாலு மணிக்கு பஸ் ஏது? எங்க வூட்டுக்காரரு ஒரகடத்துல நைட் ஷிப்ட், ஆறரைக்குத்தான் வூட்டுக்கு வருவாரு. பொண்ணு பத்தாவது பரீட்ச எழுதுது. இருட்டுல தனியா வுட்டுட்டு எப்படி வர்றது?"

"கூட்டம் வருதேம்மா. முடியலன்னா சொல்லு, வேற ஆளு பாத்துக்கறேன்."

"கூட்டம் வராம போனா?"

"ஆறு மணிதான். எனக்கென்ன, தூக்கம் கசக்குதா?"

வூட்ல வந்து சொன்னேன். எம்பொண்ணு ஏஞ்சல் புக்க மூடாமலே சொல்லிச்சு, "போம்மா. நான் அரிசி மூட்டைய கதவுக்கு முட்டா நகத்தி வச்சிக்கறேன்." அன்னிக்கு ராத்திரியே மூட்டைய நடு வூடு வரைக்கும் இழுத்துப் பாத்தும் வச்சிச்சு. எனக்கு ஓனர் மேல கோவம், வீரபத்திரன் மேல கோவம், எல்லாத்துக்கும் மேல அந்த போர்ட எழுதன என் கை மேல கோவம்.

மறுநாள் காலையில வீரபத்திரனப் புடிச்சேன். "ஐயா, நீங்களே அளங்க. இப்போ ஒருவாட்டி, மதியம் ஒருவாட்டி."

"அளக்கறேன். நான் இன்னா பயந்தவனா?"

ஆறு மணிக்கு அவரு கையாலயே பாத்தாரு. இருவத்தொம்போதரை டிகிரி. டென்சிட்டி 729.5.

"பதினஞ்சு எங்க?" இங்கயும் அங்கயும் தேடனாரு, யாரோ எடுத்துக்கினு போன மாதிரி. சார்ட்டக் காட்டி வெளக்கனேன். "அது பெட்ரோலோட சூடு இல்லீங்க. ஒப்பிடறதுக்காக எல்லா பங்க்கும் ஒத்துக்கின ஒரு கணக்கு."

"செரி, முப்பதுன்னே வச்சிக்கோ. மதியம் நாப்பது ஆவும் இல்ல? அப்பவும் நூத்துக்கு ஒரு ரூபா." வுடறாரா மனுசன்.

மதியம் ஒண்ணரை மணிக்கு வந்தாரு. நான் ஜார்ல புடிச்சி பக்கத்துல இருந்த இரும்பு டிரம் மேல வச்சேன். அந்த நேரம் பாத்து ஒரு ஆட்டோ, அது பின்னால ரெண்டு பைக். போட்டுட்டு வர பத்து நிமிசம். டிரம்மோ தோச சுடற மாதிரி காயுது. திரும்பிப் பாத்தா அவரு சிரிச்சிக்கினு நிக்கறாரு.

நாப்பத்தியோரு டிகிரி. டென்சிட்டி 720.

"பாத்தியா? பஞ்சாட்டம் லேசாயிட்ச்சி!" போட்டோ எடுத்து குரூப்ல போட்டே புட்டாரு. டிங், டிங்னு கைதட்டு வருது. எனக்கு அழுகையே வந்துட்ச்சி. ஒரு வேலைய ஒழுங்கா செய்யத் தெரியாதவள்னு என்னயே திட்டிக்கினேன்.

அப்புறம் ஜார தொட்டேன். சுட்டுச்சு. பெட்ரோல் போடற நாசில்ல இருந்து வந்தப்போ அது சுடவே இல்லியே?

"ஐயா, இது பங்க் பெட்ரோல் இல்ல, டிரம் மேல காஞ்ச பெட்ரோல். இருங்க." அடுத்து வந்த பைக்குக்கு மூணு லிட்டர் போட்டேன், குழாய்ல வெயில்ல நின்னது அதுல போவட்டும்னு. அப்புறம் புது ஜார்ல புடிச்சி, நெழல்ல வச்சி, ஒடனே தர்மாமீட்டர வுட்டேன். "நீங்களே படிங்க."

அவரு கண்ணாடியத் தொடச்சிக்கினு ரெண்டு வாட்டி படிச்சாரு. முப்பது. டென்சிட்டி 729.

"தொட்டி பூமிக்குள்ள கீதுங்க. மேல வெயில் அடிச்சாலும், பனி பெஞ்சாலும் ஒரு நாளுக்குள்ள அங்க பெருசா மாறாது. காலைக்கும் மதியத்துக்கும் அர டிகிரி. நூறு ரூபாய்க்கு ஆறு பைசா வராது. சார்ட்ட பாருங்க, 729.5ம் 742 காட்டுது, இந்த 729ம் 742 காட்டுது, காஞ்சிப் போன 720ம் 742தான். எல்லாம் ஒரே பெட்ரோல்."

சார்ட்ல மூணு நம்பர் மேலயும் வெரல வச்சி வச்சிப் பாத்தாரு. கணக்கு தெரிஞ்ச மனுசன், அவருக்குப் புரிஞ்சிட்ச்சி.

"குரூப்ல சொல்லுங்க."

"எரநூத்தி பதினாலு பேரும்மா. இப்பதான் நாப்பத்தியொண்ணு போட்டேன். என் மானம் இன்னாவறது?"

"எம்பொண்ணு இருட்டுல அரிசி மூட்டைய கதவுக்கு வச்சிக்கினு ஒக்காரப் போவுது, ஐயா. ஒங்க ஆறு பைசாவுக்காக." கத்திட்டேன். பெட்ரோல் போட வந்த ஆட்டோக்காரன் ஒருத்தன் திரும்பிப் பாத்தான். பாக்கட்டும்.

அவரு போன எடுத்து, ஒரே வெரலால, எழுத்து எழுத்தா அடிச்சாரு. முடிச்சிட்டு எங்கிட்ட காட்டனாரு: "முக்கிய அறிவிப்பு. நம்ம பங்க்ல தொட்டி பூமிக்குள்ள இருக்கறதால மதியமும் காலை மாதிரியே 30 டிகிரிதான். நானே நேர்ல சோதித்தேன். முந்தைய படம் வெயிலில் வைத்த ஜார். யாரும் விடியலில் அலைய வேண்டாம்."

ஏதோ அவரே கண்டுபுடிச்ச மாதிரி. போவட்டும்.

மறுநாள் அஞ்சு மணிக்கு வாசல்ல ஓனர் மட்டும் நின்னுக்கினு இருந்தாராம், ஒரு நாயோட. ஆறு மணிக்கு நான் போனதும் "ஷிப்ட் எப்பவும் போல"ன்னாரு. நான் போர்ட எடுத்தேன். டென்சிட்டி 742, 15 டிகிரின்னு எழுதி, கீழ பெருசா எழுதனேன்: "இது கணக்குக்கு. தொட்டியில 30."

சாயந்தரம் வூட்ல சொன்னேன், ஆறு மணிதான்னு. ஏஞ்சல் "செரிம்மா"ன்னு மட்டும் சொல்லிச்சு. அப்புறம் எழுந்து போயி, நடு வூட்ல கெடந்த அரிசி மூட்டைய மூச்சு வாங்க இழுத்து, பழைய மூலையிலயே வச்சிட்ச்சி.