அக்கா பெயரில் ஒரு போன்

அந்தக் குடும்பத்தில் சம்பள ஸ்லிப் உள்ள ஒரே ஆள் பிரேமாவதி. கூலிமில் ஒரு தொழிற்சாலையில், கப்பலேறப் போகும் பெட்டிகளைத் திறந்து, மேலே எழுதியிருப்பதெல்லாம் உள்ளே இருக்கிறதா என்று சரிபார்க்கும் வேலை. ஸ்லிப் இருக்கிறதே, போதாதா? சொந்தத்தில் யார் எதைத் தவணையில் எடுத்தாலும் கையெழுத்து அவளுடையது. அண்ணி வீட்டு வாஷிங் மெஷின் அவள் பெயரில். தம்பி தேவன் ஓட்டும் மோட்டார் சைக்கிளும் அவள் பெயரில்தான். மறுத்தால் தலைக்கனம் பிடித்துவிட்டது என்பார்கள். மோட்டார் தவணை இரண்டு மாதம் நின்றபோது வந்த கடிதங்களை அரிசி டின்னுக்கு அடியில் ஒளித்து வைத்தாளே தவிர, தம்பியிடம் மூச்சு விடவில்லை.

இப்போது அவளுக்கே ஒரு காரியம் இருந்தது. சிடாம் கிரியில் அவள் குடியிருக்கும் வீடு செம்பனைத் தோட்ட நிர்வாகத்துடையது. காலி செய்யச் சொன்னால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பக்கத்து ஊரான லூனாஸில் ஒரு மலிவு விலை வீட்டுக்காக மூன்று மாதத்தில் வங்கியில் கடன் கேட்கப் போகிறாள். அதுவரை அவள் பெயரில் புதிதாக ஒரு கறை விழக்கூடாது.

அந்த நேரம் பார்த்துத் தேவனின் போன் லோரிச் சக்கரத்தில் நசுங்கியது. லோரியில் செம்பனைக் குலை ஏற்றுபவன் அவன். அன்றைக்கு லோரி நடை இருக்கிறதா இல்லையா என்பது போனில்தான் வரும். போன் இல்லையென்றால் கூலியும் இல்லை.

சனிக்கிழமை லூனாஸில் ஒரு போன் கடைக்கு அக்காவை இழுத்துக்கொண்டு போனான். வாசலிலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தது: போன் இலவசம், மாதக் கட்டணம் 138 வெள்ளி, இருபத்து நான்கு மாதம். கடைப் பெண் ஃபெலிசியா ஐசி அடையாள அட்டையையும் ஸ்லிப்பையும் நகலெடுத்துப் பாரத்தை நிரப்பிவிட்டாள். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

பேனாவை வாங்கிய கை நின்றது. பெட்டியைத் திறந்து பார்க்காமல் ஒரு நாளும் முத்திரை குத்தாத கை அது.

"தங்கச்சி, இதே பிளான், போன் வேணாம்னா மாசம் எவ்ளோ?"

ஃபெலிசியாவிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலும். முதலாளி இருக்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அறுபத்தெட்டுக்கா," என்றாள்.

போனை மட்டும் ரொக்கத்துக்கு வாங்கினால் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது என்றும் சொன்னாள். பிரேமாவதி பாரத்தின் பின்பக்கம் கணக்குப் போட்டாள். போனுக்காக மாதம் எழுபது கூடுதல். இருபத்து நான்கு மாதத்துக்கு ஆயிரத்து அறுநூற்று எண்பது. இலவசமாம்! ரொக்க விலையைவிட நானூற்று எண்பத்தொரு வெள்ளி அதிகம். போதாக்குறைக்குத் தேவனுக்கு அந்தப் பெரிய பிளானே தேவையில்லை. முப்பத்தைந்து வெள்ளி டாப்-அப்பையே அவன் முழுசாகத் தீர்த்ததில்லை.

இந்தக் கம்பெனி லைன் தோட்டத்தில் கிடைக்குமா என்று கேட்டாள். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால் கிடைக்கும் என்று தேவனே முணுமுணுத்தான். பிளானை நடுவில் விட்டால்? அபராதம் உண்டு, கையெழுத்துப் போட்டவர் பெயரில் வரும் என்றாள் ஃபெலிசியா.

தேவனின் முகம் சுண்டிப்போனது. "என்னை நம்பலையாக்கா?"

பேனாவை ஃபெலிசியாவிடமே திருப்பிக் கொடுத்தாள். பிறகு சொன்னாள்.

"மோட்டாருக்கு ரெண்டு மாசம் நின்னுச்சே தம்பி, லெட்டர் எல்லாம் என் பேருக்குத்தான் வந்துச்சு. நான் வீட்டுக் கடன் கேக்கப் போறேன். இந்தத் தடவை முடியாதுலா."

கடிதம் வந்ததே அவனுக்குத் தெரியாது. வெளியே போய் மோட்டார்மேல் உட்கார்ந்தான். வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் கிடந்த தன் பழைய போனை, கண்ணாடி கீறியதை, அவள் எடுத்துக் கொடுத்தாள். முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டான். அதன்பின் பல நாள் அவன் அக்கா வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு போனுக்காகத் தம்பியைத் தொலைத்துவிட்டேனோ என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவனோ அந்தக் கீறல் போனை வைத்துக்கொண்டே, கிடைத்த நடைக்கெல்லாம் போனான். ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிறு காலை, கையில் பெட்டியோடு வந்து நின்றான். அதே போன், ரொக்கத்துக்கு வாங்கியது. இதற்குள் விலை நூறு வெள்ளி இறங்கியிருந்ததாம். தோட்டத்தில் நன்றாகக் கிடைக்கும் லைனில் முப்பத்தைந்து வெள்ளி டாப்-அப் போட்டிருந்தான்.

அவள் போனைப் பார்க்கப் போனாள். அவன் ரசீதை நீட்டினான்.

"போன் இருக்கட்டும்கா. பேரைப் பாரு."

தேவன் த/பெ சின்னையா என்று எழுதியிருந்தது. இத்தனை வருடத்தில் அவன் வாங்கிய எந்தச் சாமானின் தாளிலும் அந்தப் பெயரை அவள் பார்த்ததில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வழக்கம்போல் ரசீதோடு அரிசி டின் பக்கம் போனாள், பத்திரமாக வைக்க.

"கொடுக்கா," என்று கையை நீட்டினான் தேவன். "வாரண்டிக்கு வேணும். என் பேர்ல உள்ளதை நானே வெச்சுக்கிறேன்."