பசி எடுக்காத பாஷை

முகத்துவாரத்தை ஒல்லாந்தர் கோட்டை எங்களிடமிருந்து பிடுங்கிய வருஷம்தான் என் மருமகன் வரதன் அவர்கள் பாஷையைப் படிக்கக் கிளம்பினான். படித்து உருப்பட்டவனை நான் பார்த்ததில்லை. இருந்தும் தடுக்கவில்லை. வேறு வழி இல்லை.

கடல் ஏரிக்குள் நுழைகிற அந்த வாய்தான் எங்கள் சோறு. இறால் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். தண்ணீரில் கழி நட்டு வலை கட்டுவோம். யார் எப்போது கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை பிரிப்போம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டாலும் அந்த முறையில் கை வைக்க மாட்டான். அப்படிப்பட்ட இடத்தைக் கோட்டைக்காரர்கள் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். எடுத்தவன் துபாசி கேசவனின் மச்சான்.

துபாசி என்றால் கோட்டைக்கும் எங்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பாஷையும் பேசுகிறவன். எங்கள் மனுவை அவனையே எழுதச் சொல்ல முடியுமா? அதனால் அவர்கள் பாஷையில் நாமே எழுதிக் கொடுப்பது என்று ஊர் கூடிப் பேசியது. வரதன் கோட்டைக் கிடங்கில் மூட்டை எண்ணுகிற வேலை பார்த்தவன். அங்கே ஒரு குமாஸ்தாவிடம் அவர்கள் எழுத்தைக் கொஞ்சம் பழகியிருந்தான். அவனைப் பிடித்தோம்.

அவன் ஒரு சொற்கட்டு வாங்கி வந்தான். ஓலைக்கு ஒரு பக்கம் அவர்கள் சொல், மறுபக்கம் நம் சொல். அலை மேல் போகிறவன் போல ஆடி ஆடி மனப்பாடம் பண்ணினான். பாதித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அந்தக் கட்டை வைத்துக்கொண்டு மனு எழுதினான்.

மனுவை வாங்கிய வெள்ளைக்கார எழுத்தன் ஒரு வரி படித்தான், பக்கத்தில் இருந்தவனைக் கூப்பிட்டான். அவன் இன்னொருவனைக் கூப்பிட்டான். மூன்று பேரும் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். கேசவனும் சிரித்தான்.

"இன்னாய்யா சிரிப்பு? எங்க வயிறு எரியறது சிரிப்பா கீதா?" என்றேன்.

"எரியறதுன்னு எழுதலியே பெரியவரே. பசியைத் தூக்கினு போறோம்னு எழுதிக்கீறான் உங்க மாப்ள" என்றான் கேசவன்.

மனு திரும்பி வந்தது. வாசலில் வரதன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

கோட்டைச் சுவருக்கு வெளியே பிலோமினா சாராயம் விற்றாள். அவள் புருஷன் ஒல்லாந்துச் சிப்பாய், செத்துப்போய்விட்டான். அவள் எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் அவனோடு அந்தப் பாஷையில் சண்டை போட்டே குடும்பம் நடத்தியவள். வரதன் மனுவை அவளிடம் வாசித்துக் காட்டினான். கூட நானும் போனேன். சாராயக்காரியை நம்பி அவனைத் தனியே விட எனக்கு இஷ்டமில்லை.

"இதுல ஒரு சொல்லு கூட தப்பு இல்ல" என்றாள் அவள். "ஆனா ஒண்ணோட ஒண்ணு ஒட்டலை. நீ இன்னா பண்ணே? நமக்குப் பசி எடுக்குதா, எடுக்கறதுக்கு அவங்க சொல்லைத் தேடிப் புடிச்சு வெச்சே. அவங்களுக்குப் பசி எடுக்காது."

"வெள்ளைக்காரனுக்குப் பசிக்காதா?" என்றேன்.

"பசிக்கும் தருமண்ணா. எடுக்காது. அவங்க பசியை அனுபவிப்பாங்க. லைடன்னு சொல்லுவாங்க. நஷ்டத்துக்கும் அதே லைடன். வறுமைக்கும் அதே. மூணு பேரும் ஒரே வூட்டுக்கு வாக்கப்பட்டவளுங்க. ஆனா முடிவை மட்டும் எடுப்பாங்க. நாம சத்தியம் பண்றோம், அவங்க சத்தியத்தைக் கீழே வெப்பாங்க."

"கீழே வெச்சிட்டு எங்க போவானுங்க?"

"இவரை மொதல்ல வெளியே அனுப்பு மாப்ள" என்றாள்.

பிறகு அவள் சொன்னதை வரதன் பிடித்துக்கொண்டான். தனிச் சொல் படிப்பதை விட்டான். பேர்ச்சொல் ஒன்று வந்தால் அதோடு போகிற வினையையும் சேர்த்தே எழுதிக்கொண்டான். சேர்த்து எழுதினால் போதாது என்று, அந்த ஜோடியை வைத்துத் தன் வாழ்க்கையைப் பற்றியே ஒரு வரி கட்டினான். பிலோமினா பாத்திரம் கழுவிக்கொண்டே, "சத்தியம்?" என்பாள். அவன் வினையைச் சொல்ல வேண்டும். யோசித்தால் தலையில் ஈரக் கையால் ஒன்று வைப்பாள். தமிழில் அதற்கு என்ன என்று கேட்டால் இன்னொன்று.

அவளிடம் கிடைத்தது வீட்டுப் பேச்சுதான். மனுவுக்கு அது போதாது என்று அவளே சொன்னாள். கோட்டை வாசலில் தம்பட்டம் அடித்து உத்தரவு வாசிப்பார்கள். முதலில் அவர்கள் பாஷையில், பிறகு தமிழில். வரதன் ஒவ்வொன்றுக்கும் போய் நின்றான். உத்தரவு எதைப் போட்டாலும் அவனுக்குக் கவலை இல்லை. எந்தச் சொல்லோடு எந்தச் சொல் வருகிறது என்றுதான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். ஊர்க்காரன் ஒருவனுக்குச் சாட்டையடி என்று வாசித்த அன்றும், "மாமா, தண்டனைக்குப் போற வினை கெட்சிச்சு" என்று ஓடி வந்தான்.

இரண்டாவது மனு போயிற்று. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. உள்ளே கூப்பிட்டார்கள். கோட்டைச் செயலாளன் முகம் சிவந்திருந்தது. கேசவன் நடுவில் நின்று தமிழில் சொன்னான்.

"இதை எழுதிக் கொடுத்த வெள்ளைக்காரன் யாருன்னு கேக்கறாரு. எந்தச் சிப்பாய் உங்களைத் தூண்டி விட்டான்னு கேக்கறாரு."

"நான்தான் எழுதினேன்" என்றான் வரதன்.

நம்பவில்லை. பக்கத்து மேஜையில் உட்கார வைத்து, கேசவன் தமிழில் சொல்லச் சொல்ல அவர்கள் பாஷையில் எழுதச் சொன்னார்கள். கப்பல் கரை தட்டியது, சரக்கு நனைந்தது, நஷ்டம் இவ்வளவு என்று கேசவன் வேண்டுமென்றே சுற்றிச் சுற்றிச் சொன்னான். வரதன் நிற்காமல் எழுதினான். செயலாளன் படித்தான். முகச் சிவப்பு இறங்கியது. எழுந்து வந்து வரதன் தோளைத் தட்டினான்.

நான் எங்கள் மனுவைக் காட்டி, "இதுக்கு இன்னா பதில்?" என்றேன்.

கேசவன் கேட்டுச் சொன்னான். "குத்தகை குடுத்தாச்சாம். முடிஞ்ச விசயமாம். ஆனா உங்க மாப்ளைக்கு இங்கேயே எழுத்து வேலை தர்றாராம்."

அந்த மனுவை அவர்கள் எல்லாரும் படித்தார்கள். எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்தார்களே தவிர, என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவனும் பார்க்கவில்லை.

வரதன் அந்த வேலைக்குப் போனான். என் மகள் தேவகி அப்போது பிள்ளை சுமந்திருந்தாள். "வலை போச்சு மாமா. நான் எழுதலேன்னா வேற எவனாவது எழுதுவான். உத்தரவு வராம நின்னுடுமா?" என்றான்.

அவன் எழுதிய முதல் உத்தரவை வாசலில் வாசித்தார்கள். அதுவரை வந்த தமிழ் உத்தரவுகளைத் துபாசியிடம் விடாமல் ஒரு வெள்ளைக்காரனே சொற்கட்டைப் பார்த்துச் செய்வான். வலையை நிறுவாதீர், கழியை உண்டாக்காதீர் என்று வரும். ஊர் முழுக்க, "இன்னா சொல்றான்னே புரியலை சாமி" என்று கையை விரித்துவிட்டு, விடிவதற்குள் போய் வலை கட்டிவிட்டு வருவோம். பிடித்தாலும் புரியவில்லை என்றே சாதிப்போம். குத்தகைக்காரன் வந்த பிறகும் இந்தச் சாக்கில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

வரதன் உத்தரவில், முகத்துவாரத்தில் யாரும் கழி நடக் கூடாது, வலை கட்டக் கூடாது, சீட்டுப் போட்டுப் பாடு பிரிக்கக் கூடாது என்று இருந்தது. எல்லாம் நம் சொல். ஒவ்வொன்றும் அதனதன் வினையோடு சரியாக நின்றது. சின்னப் பிள்ளைக்கும் புரிந்தது. தம்பட்டக்காரன் எல்லாரையும் பார்த்து, "புரிஞ்சுதா?" என்று கேட்டான்.

யாரும் கையை விரிக்கவில்லை.

செயலாளன் பின்னால் வரதன் வெள்ளைத் துணி கட்டி நின்றிருந்தான். என்னைப் பார்க்கவில்லை. நாங்கள் தோணியை எடுத்துக்கொண்டு போய், நாங்கள் நட்ட கழிகளை நாங்களே பிடுங்கினோம்.