வலமிருந்து வரும் வரி

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் விளக்கத் தாள்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. வலமிருந்து இடமாக எழுதும் அரபு அவளுக்குப் படிக்கத் தெரியாது. அலுவலகம் முழுக்க ‘வாத்தியார்’ என்று கூப்பிடும் மொழிபெயர்ப்பாளர், வீட்டிலிருந்து கோப்போடு அதன் படத்தையும் அனுப்புவார். இரண்டையும் ஒப்பிட்டு எதுவும் விட்டுப்போகவில்லை என்று ஒப்புதல் கொடுத்தால் போதும்.

இந்த முறை கோப்பு படத்தைப் போல இல்லை. படத்தில் வலது ஓரத்தில் இருந்த சொற்கள் திரையில் இடது ஓரத்தில் கிடந்தன. நடுவில் ஆங்கிலத்தில் மருந்தின் பெயர். முற்றுப்புள்ளி தப்பான முனையில். போன மாதம் ஒரு கோப்பு கேள்விக்குறியும் கட்டமுமாக வந்திருந்தது. இதுவும் வழியில் கெட்டதுதான் என்று முடிவு செய்தாள். வாத்தியாரைக் கேட்கவில்லை. வெட்டி, ஒட்டி, படத்தைப் போலவே ஆக்கினாள். அன்று முழுக்க அதில் போனது. செய்து முடித்ததும் பெருமையாகக்கூட இருந்தது.

அச்சு மாதிரியைப் பார்த்த மருந்து கம்பெனி, வாக்கியங்கள் தலைகீழாக இருப்பதாக எழுதியது.

டிசைனர் அவளைக் கூப்பிட்டார்.

“இது வாத்தியார் அனுப்பினது. பாருங்க.” திசை மாற்றும் பொத்தானை அழுத்தினார். சொற்கள் இடம் மாறிப் படத்தைப் போல உட்கார்ந்தன. “உள்ள வரிசை சரியாத்தான் இருக்கு. இடப்பக்கம் தொடங்கற வரின்னு நினைச்சு திரை துண்டுகளை மாத்தி அடுக்கிடுச்சு. அவ்வளவுதான்.”

“அப்ப போன மாசம் வந்தது?”

“அது சுத்த குப்பை. எப்படித் திருப்பினாலும் கேள்விக்குறி கேள்விக்குறிதான்.”

அடுத்த கோப்பைத் திறந்து அதே பொத்தானை அழுத்தினார். கடைசிச் சொற்கள், வரி தொடங்க வேண்டிய வலது ஓரத்துக்கு வந்து நின்றன.

“இது அச்சுக்குப் போனது. யாரோ பொறுமையா உக்காந்து கெடுத்திருக்காங்க. வாத்தியாருக்கு வயசாச்சுங்கறார் மேனேஜர். இனிமே அவருக்கு வேலை கிடையாதாம். உள்ள அவரோடதான் போன்ல பேசிட்டிருக்கார் மேனேஜர்.” சிரித்தபடி திரும்பியவர் அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்தினார்.

மேனேஜர் அறைக்கு நடந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

“சார், நான் ரெண்டு தடவ படிச்சுட்டுத்தான் அனுப்பினேன்.” ஸ்பீக்கரில் வாத்தியாரின் குரல்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.”

“சார்,” என்றாள். “அதை மாத்தினது நான்.”

மேனேஜர் நிமிர்ந்தார்.

“உங்களுக்கு அரபு தெரியுமாம்மா?” வாத்தியார் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

“தெரியாதுங்க ஐயா.”

“அப்புறம் எதைப் பார்த்து மாத்தினீங்க?”

“நீங்க அனுப்பின படத்தைப் பார்த்து.”

மேனேஜர் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.