மூன்றாம் ரகம்

பஞ்சு புரோக்கர் எந்தச் சரக்கையும் ஒரு ரகம் ஏற்றித்தான் சொல்வான். வாங்குகிறவனுக்கும் அது தெரியும், அவன் மனசுக்குள் ஒரு ரகம் இறக்கிக்கொள்வான். இரண்டு பேரும் பொய் சொல்லி நடுவில் உண்மையில் வந்து நிற்போம். இருபத்தாறு வருடமாக ராஜபாளையத்து மில்களில் இப்படித்தான் என் பிழைப்பு. டாக்டர்கள் அப்படி இறக்கிக்கொள்வதில்லை, சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்கிறார்கள் என்பது எனக்கு நாற்பத்தொன்பது வயதில்தான் தெரிந்தது.

ஒரு வருடமாக நான் காளீஸ்வரியைத் தொடவில்லை. தொட்டால் தோற்றுப்போவேன் என்பது இரண்டு மூன்று தடவையில் தெரிந்துவிட்டது. பிறகு அசதி, கணக்கு, முதுகுவலி என்று ஒவ்வொன்றாகச் சொல்லி விலகிக்கொண்டேன். அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. ஆனால் தலைக்குப் பூ வாங்குவதை நிறுத்திவிட்டாள். அதைப் பார்த்தபிறகுதான் வைத்தியம் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

ராஜபாளையத்தில் டாக்டர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினால் மில்லு வாசலில் விசாரிப்பார்கள். அதனால் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். டாக்டர் பெலிக்ஸ் நரைத்த மனிதர், என்னைவிட ஜாஸ்தி சிரிக்கிறவர்.

"கூச்சப்படாதீங்க அண்ணாச்சி. விறைப்பு எம்புட்டுன்னு சொல்ல நாலு படி வச்சிருக்கோம். ஒண்ணு, நம்ம ஊரு பால்கோவா. ரெண்டு, உரிச்ச வாழைப்பழம். மூணு, தோலோட வாழைப்பழம். நாலு, வெள்ளரிக்கா. நீங்க எந்தப் படி?"

நான் இரண்டு. சில நாள் இரண்டுக்கும் கீழே.

"மூணு" என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார்.

"மூணுன்னா லேசான குறைதான். சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூணும் டெஸ்ட் எடுத்துட்டு வாங்க. நெஞ்சுவலிக்கு மாத்திரை எதுவும் போடுறீங்களா?"

"ஒண்ணும் கிடையாது டாக்டர். உடம்பு கல்லு மாதிரி. டெஸ்டெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம். போன்ல பாத்தேன், ஆர்ஜினின், சிட்ருலின்னு என்னமோ சத்துப்பொடி இருக்காமே?"

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "இருக்கு. ரத்தக்குழாய இளக்கி விடுறதுக்கு உடம்பு ஒரு வாயு தயாரிக்கும், நைட்ரிக் ஆக்சைடுன்னு. அதுக்குக் கச்சாப்பொருள் ஆர்ஜினின். குழாய் இளகினாத்தான் ரத்தம் பாயும், ரத்தம் பாஞ்சாத்தான் காரியம். ஆனா ஆர்ஜினின முழுங்கினா, குடலும் ஈரலும் வழியிலயே கமிஷன் பிடிச்சுக்கிடும். சிட்ருலின் அந்த ரெண்டு செக்போஸ்ட்டையும் தாண்டிப் போயி, கிட்னியில ஆர்ஜினினா மாறிடும்."

கமிஷன் என்றதும் எனக்கு விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. "வேலை செய்யுமா, செய்யாதா? அதச் சொல்லுங்க."

"சின்னச் சின்ன ஆராய்ச்சிதான் நடந்திருக்கு. ஒண்ணுல தினம் அஞ்சு கிராம் ஆர்ஜினின், ஆறு வாரம். இருபத்தொம்பது பேர்ல ஒம்பது பேரு தேவலைன்னாங்க. மருந்துன்னு சொல்லி வெறும் மாவு குடுத்த பதினேழு பேர்ல ரெண்டு பேரும் தேவலைன்னாங்க. ஒன்றரை கிராம் மட்டும் குடுத்த இன்னொண்ணுல மாவுக்கும் மருந்துக்கும் வித்தியாசமே இல்ல. சிட்ருலின்ல இருபத்திநாலு பேரு. ஒரு மாசம் மாவு, ஒரு மாசம் மருந்து. மருந்துல பாதிப் பேரு மூணாம்படியில இருந்து நாலுக்கு ஏறினாங்க. மாவுல ரெண்டே பேரு."

"பாதி!" என்றேன்.

"பாதிப் பேரு. அதுவும் எல்லாரும் லேசான குறைக்காரங்க. இருபத்திநாலு பேர வச்சு நான் சத்தியம் பண்ண மாட்டேன். மூணு இருந்தா நாலாகலாம், ஆகாமலும் போகலாம். வழக்கமா இதுக்குக் குடுக்குற மாத்திரை அளவுக்கு இது இழுக்காது. டெஸ்ட் பாத்துட்டு அந்த மாத்திரைய யோசிப்போம்."

இருபத்திநாலில் பன்னிரண்டு. இந்த லாட்டில் பாதி தேறும் என்றால் எந்தப் புரோக்கரும் வாங்கிப் போடுவான். ஆனால் அந்த இருபத்திநாலு பேரும் மூன்றாம் ரகம், நான் இரண்டாம் ரகம். அந்த லாட்டில் என் சரக்கே இல்லை. தெரிந்துதான் வெளியே வந்தேன். டெஸ்ட் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். அங்கேயே ஆறு வாரம் கிடந்தது.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் இசக்கிமுத்துவின் மருந்துக்கடை. சிட்ருலின் கேட்டேன்.

"அது வரவழைக்கணும் அண்ணாச்சி. ஜிம்முக்குப் போற பயலுவ வாங்குற டப்பா, விலையும் கூட. ஆர்ஜினின் பொட்டலம்னா கையிலயே இருக்கு. ஒண்ணுல மூணு கிராம். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு தண்ணியில கலக்கிக் குடிக்கணும்." பொட்டலத்தைத் திருப்பி அதிலிருந்த படத்தைக் காட்டினான். "ஒரு விஷயம். இத இங்கன டாக்டர்மாரு எழுதுறது மாசமா இருக்குற பொம்பளையளுக்கு. பனிக்குட நீர் குறைஞ்சா, பிள்ளை வளர்த்தி காணாட்டா. அதுவும் ரத்த ஓட்டத்துக்குத்தான். மருந்து ஒண்ணுதான், படந்தான் வேற."

பொட்டலத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் வயிற்றில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"படம் எனக்குச் சம்பந்தமில்லாதது. அதுக்கு உண்டான காசைக் கழிச்சுக்கோ" என்றேன். கழித்துக்கொடுத்தான். அன்றைக்கு நான் ஜெயித்தது அது ஒன்றுதான்.

அட்டைப்பெட்டியைத் தூர எறிந்துவிட்டு, பொட்டலங்களைப் பஞ்சு சாம்பிள் பைக்குள் செருகிவைத்தேன். ஆரஞ்சுப் புளிப்பு. முதல் வாரம் வயிறு உப்பிக் கொல்லைக்கும் கூடத்துக்கும் நடந்ததுதான் மிச்சம். இரண்டாவது வாரம் காளீஸ்வரி அந்தப் பையைத் தட்டி வெயிலில் போட்டாள்.

நான் வீட்டுக்குள் நுழையும்போது அவள் கூடத்தில் நின்றாள். கையில் அந்தச் சிரிக்கிற பொம்பளை.

"இது யாருக்கு?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவளுக்கு நன்றாகப் புரிந்திருந்தது. போன வருடம் எங்கள் மகள் மாரிச்செல்வி ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது பனிக்குட நீர் குறைந்து, இதே பொட்டலத்தைத் தினமும் இவள்தான் கலக்கிக் கொடுத்தாள்.

"எத்தன மாசம் அவளுக்கு?" என்றாள். "அதான் வருசம் ஒண்ணாச்சு, என் பக்கம் திரும்பிப் படுக்கல. நான் என்னையவே குறைஞ்சவளா நெனச்சு அழுதுக்கிட்டுக் கெடந்தேன். யாரு அவ? சொல்லுங்க!"

இரண்டு விலை என் முன்னால் இருந்தன. 'எனக்குத்தான்டி அது, எனக்கு முடியல' என்று சொல்லலாம். அல்லது சும்மா இருக்கலாம். பேரத்தில் சும்மா இருப்பதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு, சம்மதம்.

சும்மா இருந்தேன்.

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த நேரம் பயத்துக்கு அடியில் எனக்குக் கொஞ்சம் குளுகுளுவென்றும் இருந்தது. ஒரு பெண்ணைக் கர்ப்பமாக்கக்கூடியவன் என்று என் பெண்டாட்டியே நம்புகிறாள்!

மறுநாள் அவள் தளவாய்புரத்தில் தன் அண்ணன் முத்துப்பாண்டி வீட்டுக்குப் போய்விட்டாள். முத்துப்பாண்டி வந்து என் சட்டையைப் பிடித்தான். அதையும் வாங்கிக்கொண்டேன். விஷயம் மில்லு வாசலுக்கு வர ஒரு வாரம்கூட ஆகவில்லை. பஞ்சு லாரிக்காரன்கள்கூட எனக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். சக புரோக்கர் தங்கச்சாமி டீக்கடையில் தோளில் அடித்தான்.

"ஏலே சிவபாண்டி, சரக்கு பழசுன்னு நெனச்சோம். இழை நல்லா நீளமாத்தாம்ல இருக்கு!"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். டீக்குச் சர்க்கரை கூடப் போடச் சொன்னேன்.

ஆறு வாரமும் பொட்டலம் தவறாமல் குடித்தேன். இரண்டு இரண்டாகவே இருந்தது. ஒரு விடியற்காலை இரண்டேகால் போலத் தோன்றியது. அதைப் பார்க்க வேண்டியவள் தளவாய்புரத்தில் இருந்தாள்.

பிறகு தாகம் வந்தது, கால் பாதம் எரிந்தது. டாக்டர் பெலிக்ஸிடம் மறுபடி போனேன். இந்தத் தடவை அவர் விடவில்லை, பக்கத்து லேபிலேயே ரத்தம் எடுக்க வைத்தார். வெறும் வயிற்றில் சர்க்கரை இருநூற்று நாற்பது. மூன்று மாதச் சராசரி பத்தரை சதவீதம், ஆறைத் தாண்டவே கூடாதாம். அவர் சிரிக்கவில்லை.

"நிசத்தச் சொல்லுங்க அண்ணாச்சி. எந்தப் படி?"

"ரெண்டு."

பேனாவை வைத்தார். "மூணுன்னு சொன்னீங்க. அந்த ஆராய்ச்சியெல்லாம் உங்க நிலைமைக்கு ஒண்ணுமே சொல்லல. சர்க்கரை குழாயையும் நரம்பையும் அரிச்சுக்கிட்டு இருக்கு. கச்சாப்பொருள அள்ளிப் போட்டா மட்டும் ஓடாது, ஃபேக்டரியே பழுது. அங்க இருக்குற குழாய் சின்னது, அதான் முதல்ல அடைபடும். இதயத்துக்குப் போற குழாய்க்கு அது முன்கூட்டியே வார தந்தி. நீங்க தந்தியப் பிரிக்காமப் பையில வச்சிருந்திருக்கீங்க."

சர்க்கரை மாத்திரை எழுதினார். இதயத்துக்கு எக்கோ எழுதினார். அது சரியாக இருந்தால் முதலில் சொன்ன அந்த வழக்கமான மாத்திரையை யோசிக்கலாம் என்றார். பொட்டலத்தை நிறுத்தச் சொன்னார்.

ரிப்போர்ட்டோடு நேரே தளவாய்புரம் பஸ் ஏறினேன். நான் குற்றவாளி இல்லை என்பதற்கு லேப் முத்திரையோடு சாட்சி கையில் இருக்கிறது. அவள் அழுவாள், திட்டுவாள், கிளம்பி வருவாள் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டேன்.

காளீஸ்வரி வாசலில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காகிதத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

"சர்க்கரையா?" என்றாள்.

"ஆமா. காளி, வேற எவளும் கிடையாது. அந்தப் பொட்டலம்..."

"நீங்க குடிக்க வாங்கினது. தெரியும்."

நீட்டிய காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

"வந்த ஒரு வாரத்துலயே பொட்டலத்த எடுத்துக்கிட்டு, சாம்பிள் பையில கெடந்த பஸ் டிக்கெட்ட வச்சு ஸ்ரீவில்லிபுத்தூர்ல கடை கடையா ஏறினேன், அவ பேரு தெரிஞ்சுக்கிடலாம்னு. இசக்கிமுத்து என் அழுகையப் பாத்துட்டுச் சொல்லிட்டான். அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன். நாளைக்கு வருவாரு, சொல்லுவாருன்னு நெனச்சேன். மூணு வாரம் ஆச்சு."

"வெட்கமா இருந்துச்சு..."

"உங்களுக்கு முடியலங்கிறது எனக்கு ஒரு பொருட்டா? வயசு போற வழியில போகுதுன்னு இருந்திருப்பேன். ஆனா புருசன் விட்டுப்போன பொம்பளைன்னு இந்தத் தெருவே என்னயப் பாத்து உச்சுக் கொட்டுச்சு. என் தலை தொங்கினாலும் பரவால்ல, உங்க பேரு விறைச்சு நிக்கணும். அம்புட்டுத்தான?"

"தப்புத்தான். வீட்டுக்கு வா."

"எந்த வீட்டுக்கு? உங்களுக்கு ரெண்டு இருக்குன்னுல ஊரே சொல்லுது." வத்தலைக் கையால் பரப்பிவிட்டாள். "மில்லு வாசல்ல சிரிச்சீங்களாம்ல. அங்கயே நின்னு சொல்லுங்க, எவளும் இல்ல, அந்தப் பொடி எனக்குத்தான்னு. பொறவு வாரேன்."

"காளி, உங்க அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடுறேன். வேணும்னா மாரிச்செல்விகிட்ட நீயே..."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இதுலயும் பேரமா?"

நான் பஸ் ஸ்டாப்புக்குத் திரும்பி வந்தேன்.

மறுநாள் காலை மாத்திரை போட்டுக்கொண்டு மில்லு வாசலுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வாக்கியம்கூடத் தயாராக இருந்தது. டீக்கடையில் ஏழெட்டுப் பேர். தங்கச்சாமி தூரத்திலேயே பார்த்துவிட்டான்.

"வாங்க மாப்பிள்ளை! என்னல, பிள்ளை பொறந்தாச்சா?"

எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். அந்தப் பார்வையில் இருந்த மரியாதையை இந்த ஊரில் இருபத்தாறு வருடத்தில் யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

"இன்னும் நாள் இருக்கு" என்றேன்.

டீயைச் சர்க்கரை இல்லாமல் கேட்டேன்.