காவல்காரனை எடுத்த பிறகு

எழுத ஆள் வேண்டும் என்று சொல்லித்தான் ஷோபனாவைத் தென்காசியிலிருந்து செஞ்சிக்குக் கூப்பிட்டார்கள். வந்து பார்த்தால், எழுத வேண்டியதையெல்லாம் பாண்டுரங்கன் என்பவன் எழுதி வைத்துவிட்டுச் சென்னைக்குப் போயிருந்தான்.

பஜாரில் ஒரு பாத்திரக்கடையின் மாடி. பஸ் ஹாரன் உள்ளே வராதபடி ஜன்னலை மெத்தையால் அடைத்திருந்த அந்த அறையில், லுப்னா ஒரு யூடியூப் சேனல் நடத்தினாள். குரலும் அவளுடையதே. கோட்டையின் குளம், நெற்களஞ்சியம், முற்றுகை என்று வாரம் ஒன்றாகப் பாண்டுரங்கன் எழுதிய அத்தியாயங்களை இப்போது ஒரே நீளக் கதையாக்கிப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதை ஒரே ஓட்டமாக்குவதுதான் ஷோபனாவின் வேலை.

அத்தியாயம்தோறும் வந்த வணக்கத்தையும் நன்றியையும், செஞ்சி எங்கே இருக்கிறது என்ற விளக்கத்தையும் வெட்டினாள். வெட்டிய இடமெல்லாம் பள்ளமாக நின்றது. 'அடுத்ததாக நாம் காணவிருப்பது' என்று போட்டு நிரப்பினாள்.

"இன்னாம்மா இது, பஸ் ஸ்டாண்டுல மைக்ல சொல்றாப்புல இருக்குது," என்றாள் லுப்னா. வியாழக்கிழமைக்குள் சரியாக வராவிட்டால் பழையபடி தனித்தனியாகவே போட்டுவிடலாம், உன்மேல் குறையில்லை என்றும் சொன்னாள். தனித்தனியாகப் போட எழுத்தாளர் எதற்கு? கோபமாகச் சொல்லியிருந்தாலாவது ஷோபனா பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பாள்.

வாடகை அறையில் அவளோடு பேச ஒருவரும் இல்லை. வீட்டிலிருந்து போன் வந்தால், எல்லாரும் நல்லாப் பழகுதாங்க என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்துவிடுவாள். அந்த நாட்களில்தான் அவள் எழுத்துக்குள் ஒரு காவல்காரன் வந்தான். குளத்தில் குடத்தை நிரப்பிக்கொண்டு களஞ்சியத்துக்கு நடந்தான். களஞ்சியத்து வாசலில் சாய்ந்து, தூரத்தில் எழும்பும் புழுதியைப் பார்த்தான். அவன் நடந்த வழியெல்லாம் அத்தியாயங்கள் தாமாகவே சேர்ந்துகொண்டன. அவனுக்கு ஒரு முழங்கால் வலியைக் கொடுத்தாள். வீட்டில் யாரும் காத்திருக்காத ஆள் என்றும் ஒரு வரி சேர்த்தாள். எழுதும் நேரம் போக மீதி நேரத்திலும் அவனையே நினைத்தாள்.

ஒலிப்பதிவில் லுப்னா தடங்கலில்லாமல் படித்தாள். களஞ்சியம் முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றினாள்.

"யாரு இவன்?"

"காவல்காரன்க்கா."

"அது தெரியுது. எந்தப் புஸ்தகத்துல இருக்கான்?"

"எதுலயும் இல்லக்கா. நானாத்தான்..."

லுப்னா சிரித்துவிட்டாள். இவன் எங்க தாத்தாவோட தாத்தா என்று கமெண்டில் நாலு பேர் வந்து சண்டை போடுவார்கள் என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "சரித்திரம்னு நம்பிக் கேக்குறாங்கம்மா. அதுவுமில்லாம, கொடத்தோட நடந்து வந்தவன் உள்ள வருவான்னு களஞ்சியம் பூரா தேடிட்டே படிச்சேன். பாண்டு எழுதுனதுல அவன் வரவே இல்லியே."

அது உண்மை. ஷோபனா இதுவரை ஒவ்வொரு அத்தியாயத்திலும் முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் பார்த்துத்தான் இணைப்பு எழுதியிருந்தாள். நடுவில் என்ன இருக்கிறது என்று சரியாகப் படித்ததில்லை.

காவல்காரனை அழித்தாள். முழங்கால் வலி உள்ள வரியை மட்டும் கடைசிவரை விட்டு வைத்தாள். பிறகு அதையும் எடுத்தாள். அதற்குப் பின் உட்கார்ந்து எல்லாவற்றையும் முழுசாகப் படித்தாள். குளத்து அத்தியாயம் மலைமேல் இருந்தவர்களின் தாகத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. அதன் முடிவில், 'தாகம் தீர்ந்தது, பசிக்கு?' என்று மட்டும் எழுதினாள். களஞ்சியம் தானாகவே திறந்துகொண்டது. களஞ்சியத்து அத்தியாயத்தின் நடுவில் அதன் சுவர் தடிமனும் அது கொள்ளும் நெல்லும் விவரமாக இருந்தன. அதையும் முற்றுகையையும் சேர்க்க வெகுநேரம் ஆனது. கடைசியில் ஒரே வரிதான் வந்தது: 'இவ்வளவு நெல்லைச் சேர்த்து வைத்தவர்கள் யாரையோ எதிர்பார்த்திருக்கிறார்கள்.'

வியாழக்கிழமை மத்தியானம் லுப்னா படித்தாள். குளம் போனது, களஞ்சியம் போனது. எங்கும் நிற்கவில்லை. முற்றுகை அத்தியாயத்துக்குள் பாதி தூரம் போன பிறகுதான் கையைத் தூக்கினாள். ஷோபனா பதிவை நிறுத்தினாள்.

"இந்த நெல்லச் சேத்து வச்சவங்கன்னு ஒரு வரி வந்துச்சே, பாண்டு எழுதுனதுதான? போன தடவ படிக்கசொல்ல கவனிக்காம வுட்டுட்டேன். நல்லா எழுதியிருக்கான்."

என்னோடதுக்கா என்று சொல்ல ஒரு மூச்சுதான் தேவை. சொன்னால் லுப்னா பாராட்டுவாள். அடுத்த முறை அந்த வரி வரும்போது, இது ஷோபனா வைத்தது என்று அவள் குரல் ஒரு கணம் இடறும். இடறக்கூடாது என்பதற்காகத்தானே இத்தனை பாடும்.

"இருக்கும்க்கா," என்றாள்.

"ஒரே கதையாவே போட்டுரலாம். அடுத்தது கோயில் கதைங்க கெடக்குது, திங்கக்கிழமைலேர்ந்து அதப் பாரு." லுப்னா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, விட்ட இடத்துக்கு ஒரு பத்தி முன்னாலிருந்து எடுக்கலாம் என்று விரலால் காட்டினாள்.

ஷோபனா பதிவுப் பொத்தானை அழுத்தினாள். தன் வரி யாருடைய வரியாகவோ அந்த அறைக்குள் போய்க்கொண்டிருந்தது.