பதினைந்து விநாடி

பன்னிரண்டு வருஷமாக வாஷிங் மெஷின், மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி என்று எது வந்தாலும் அதன் கையேட்டைத் தமிழில் எழுதித் தருவதுதான் அவளுடைய பிழைப்பு. அதைப் படித்த ஓர் உயிரைக்கூட அவள் கண்டதில்லை. அவள் எழுதிய மிக்ஸிக் கையேடு அவள் வீட்டிலேயே ஆடுகிற மேஜைக்கு முட்டுக் கொடுத்துக் கிடந்தது. வைத்தவர் வேறு யாருமில்லை, கட்டின புருஷன். தெருவில் அவளுக்கு 'அகராதி' என்று பெயர். அது அவள் வேலைக்காக வந்ததா குணத்துக்காக வந்ததா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

இந்த முறை வேலையைப் பிடித்துக்கொடுத்தது நாத்தனார். அவள் அட்டைப்பெட்டி ஒட்டும் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் தலைவி. அங்கே ஒவ்வொரு மெஷினுக்கும் பிஎல்சி என்றொரு மூளை. எது எது சரியாக இருந்தால் எது ஓடலாம் என்பதை ஏணிப்படி மாதிரி வரிவரியாக அதற்குள் போட்டிருப்பார்கள். படியின் இடது பக்கம் நிபந்தனைகள், வலது பக்கம் நடக்க வேண்டிய காரியம். இந்தப் படிகளுக்கான இங்கிலீஷ் விளக்கத்தை டெக்னீஷியன்களுக்குப் புரிகிற தமிழில் கொடுக்க வேண்டும். முதலில் மேனேஜரே தன் போனில் மொழிபெயர்க்கப் போட்டுப் பார்த்திருந்தார். அது 'லேடர் லாஜிக்' என்பதை 'ஏணி நியாயம்' என்று ஆரம்பித்ததால் யாரும் இரண்டாவது வரிக்குப் போகவில்லை.

அகராதி புத்திசாலி. ஷெட்டில் எல்லாரும் இன்டர்லாக், லாட்ச், டைமர் என்றுதான் பேசுகிறார்கள் என்று முதல் நாளே காதில் வாங்கிக்கொண்டு, அந்தச் சொற்களை அப்படியே விட்டுவிட்டு அர்த்தத்தை மட்டும் விரித்தாள். 'இன்டர்லாக்: கதவு திறந்திருந்தால் மோட்டார் ஓடாது.' 'லாட்ச்: பெட்டி சிக்கினால் கோளாறு பதிந்துவிடும். சிக்கலை எடுத்தாலும் போகாது, ரீசெட் கொடுத்தால்தான் போகும்.' 'டைமர்: கதவை மூடியதும் எண்ண ஆரம்பிக்கும். காற்றழுத்தம் ஏறப் பதினைந்து விநாடி. அது முடிந்த பிறகே ரீசெட் எடுபடும். பிறகு ஸ்டார்ட்டை அழுத்தவும்.'

"மத்தியானத்துக்குள்ள இந்தத் தாளை மட்டும் பாத்து மெஷினை ஓட்டணும். ஓடலைன்னா மத்த பதினோரு மெஷினுக்கும் என் போன் போதும்" என்றார் மேனேஜர், முதல் மெஷினுக்கு அவள் எழுதிய தாளைப் பார்த்துவிட்டு.

"ஓடும் சார்" என்றாள் நாத்தனார். பிறகு அகராதியின் பக்கம் குனிந்து, "ஓடலைன்னா இந்த ஜென்மத்துல என் முகத்துல முழிக்காதே" என்றாள்.

வேண்டுமென்றே ஒரு பெட்டியைச் சிக்கவைத்தார்கள். மெஷின் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது.

தாளைக் கையில் வாங்கியவர் 'ஒட்டகம்'. சீனியர் டெக்னீஷியன். கழுத்து நீளம் ஒரு காரணம். அடுத்தவர் சாப்பாட்டு டப்பாவிலிருந்து மேனேஜரின் கம்ப்யூட்டர் வரை அந்தக் கழுத்து எட்டிப் பார்க்காத இடமில்லை என்பது இன்னொரு காரணம். அவர் விரல் வைத்து வரிவரியாக வாய்விட்டு வாசித்தார். அகராதிக்குப் புல்லரித்தது. பன்னிரண்டு வருஷத்தில் முதல் வாசகர்!

சிக்கிய பெட்டியை எடுத்தார். கதவை மூடினார். காத்திருந்தார். ரீசெட்டை அழுத்தினார். சிவப்பு அப்படியே இருந்தது.

"பதினஞ்சு ஆச்சாப்பா?"

"ஆச்சுண்ணே, இருபதே ஆயிருக்கும்" என்றார் பக்கத்தில் நின்ற ஃபிட்டர்.

மறுபடி கதவைத் திறந்தார், மூடினார், அழுத்தினார். சிவப்பு. மூன்றாம் தடவை, நான்காம் தடவை. ஃபிட்டர் ஃபியூஸைச் சந்தேகப்பட்டார். ஒட்டகம் ஃபிட்டரைச் சந்தேகப்பட்டார்.

"இது கோவக்கார மெஷின் சார். வந்த ரெண்டு வருஷமா எப்ப சிக்கினாலும் கதவை மூடிட்டு நாங்க டீ குடிக்கப் போயிடுவோம். திரும்பி வந்து ரீசெட்டை அமுக்கினா சமாதானமாயிடும்" என்றார் ஒட்டகம்.

"இன்னிக்கு டீ கிடையாது" என்றார் மேனேஜர், போனைத் தடவியபடி.

நாத்தனார் அகராதியை முறைத்தாள். அதற்காகச் சும்மா நிற்கிறவளா அவள்? எங்கே எது தெரிந்தாலும் பார்த்துவைக்கிற பழக்கம் அவளுக்கும் உண்டு. எல்லாரும் கதவருகே மொய்த்திருக்க, அவள் மட்டும் பேனலில் இருந்த சின்னத் திரையின் முன் போய் நின்றாள். அதில் ஓர் எண் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று... 'புஸ்' என்று காற்று போகிற சத்தம். எண் பூஜ்யம்.

மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று... பன்னிரண்டு. புஸ். பூஜ்யம்.

திரும்பிப் பார்த்தாள். ஒட்டகம் கதவை ஒரு சாண் திறந்து கழுத்தை உள்ளே விட்டிருந்தார்.

"அண்ணே! என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. கதவு பிளாஸ்டிக்கு மங்கிப்போச்சு, உள்ள தெரியலை. காத்து ஏறுதான்னு பாத்தேன்."

"எத்தனை தடவை பாத்தீங்க?"

"அப்பப்ப."

அகராதி இங்கிலீஷ் விளக்கத்தைப் புரட்டினாள். டைமர் என்று அவள் எழுதிய இடத்தில் மூலத்தில் 'டிஓஎன்' என்று மூன்று எழுத்து இருந்தது. ஏதோ மாடல் நம்பர் போலிருக்கிறது என்று அதைத் தாண்டிப் போயிருந்தாள்! நாத்தனாரிடம் நீட்டினாள்.

"அண்ணி, இது என்ன?"

"ஆன் டிலே. நிபந்தனை விடாம இருந்தாத்தான் எண்ணும். நடுவுல விட்டுப்போனா திரும்ப பூஜ்யத்துலேருந்து. இது யாருக்குத்தான் தெரியா..." நாத்தனார் பாதியில் நிறுத்தி ஒட்டகத்தைப் பார்த்தாள். ஒட்டகம் ஃபிட்டரைப் பார்த்தார். ஃபிட்டர் கூரையைப் பார்த்தார்.

அகராதி பேனாவை எடுத்துத் தாளில் ஒரு வரி சேர்த்தாள்: 'பதினைந்து விநாடியும் கதவு தொடர்ந்து மூடியிருக்க வேண்டும். இடையில் திறந்தால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து.'

ஒட்டகம் அதையும் சத்தமாக வாசித்தார். கதவை மூடினார். கை துருதுருத்தது.

"திரும்பி நில்லுங்கண்ணே" என்றாள் அகராதி.

திரும்பி நின்றார். ஆனால் கழுத்து மட்டும் தனியாகத் திரும்பப் பார்த்தது. ஃபிட்டர் இரண்டு கையாலும் அதைப் பிடித்து நேராக வைத்தார். "ஒண்ணு! ரெண்டு!" என்று ஒருவர் ஆரம்பிக்க ஷெட்டே எண்ணத் தொடங்கியது. கண்ணாமூச்சியில் ஒளிந்துகொள்ள நேரம் கொடுக்கிற மாதிரி ஒட்டகம் சுவரைப் பார்த்து நின்றார். பதின்மூன்றில் மேனேஜரும் சேர்ந்துகொண்டார்.

"பதினஞ்சு!"

ரீசெட். சிவப்பு அணைந்தது. ஸ்டார்ட். மெஷின் கடகடவென்று கிளம்பி முதல் பெட்டியைத் துப்பியது. ஃபிட்டர் அந்தப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஆடினார். நாத்தனார் அகராதியின் கன்னத்தைக் கிள்ளினாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் வைத்த முதல் செல்லக் கிள்ளல். வலித்தது.

மேனேஜர் போனைப் பையில் போட்டார். "மத்த பதினோரு மெஷினும் இவங்களே எழுதட்டும்" என்றவர், ஒரு கணம் யோசித்தார். "அப்போ... டீக்குப் போனா சரியானது, நீங்க கதவைத் திறக்காம இருந்ததாலயா?"

ஃபிட்டர் தலையிலிருந்த பெட்டியை மெல்ல இறக்கி வைத்தார்.

"ரெண்டு வருஷமா?" என்றார் மேனேஜர்.

"அம்மா தாயே, உண்மையைக் கண்டுபிடிச்சே. கொஞ்சம் மெதுவா கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா?" என்றார் ஒட்டகம், அகராதியின் காதருகே.

தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அதன் நடுவில் அவருடைய விரல் அடையாளம் கருகருவென்று கிரீஸ் மசியாகப் பதிந்திருந்தது. சரியாக டைமர் வரியின் மேல். "அடடா" என்று துடைக்கத் துணி எடுத்தார்.

"தொட்டீங்கன்னா பாருங்க" என்று தாளைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள் அகராதி. மசி சேலையிலும் ஒட்டியது. அன்று சாயங்காலம் தெருவில் நான்கு பேர் அது என்ன கறை என்று கேட்டார்கள். நான்கு பேரிடமும் ஆதியோடந்தமாகச் சொன்னாள். கேட்காத ஆறு பேரிடமும் சொன்னாள்.