மருமகளிடம் பெயர் கேட்பது எப்படி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டிலிருந்து அடிவாரத்துக்கு இறங்கும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் அம்மா முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு "ஞா... நா... ங்கா..." என்று முனகிக்கொண்டு வந்தார். நான் கண்டது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

அவருக்குப் பாவாயி என்று பெயர் வைத்தேன். மலையில் கொட்டச்சேடு என்ற ஊரில் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் ராகி. மகன் ஜீவானந்தத்துக்குச் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை. அங்கே நர்ஸாக இருந்த மணிப்பூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். அவள் பெயர் ஙாங்பி.

(இந்த இடத்தில் தடுக்கி விழாத வாசகர் கையைத் தூக்கலாம்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மலைமேல் பனி இறங்கிக்கொண்டிருந்த காலையில் பாவாயி..." வேண்டாம். ஏற்காட்டுக் கதை என்றால் பனி இறங்கியே ஆக வேண்டுமா?

நேராக வருகிறேன். பாவாயி மருமகளை ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஊர்க்காரர்கள் நாங்கபி, ஞானபி, நங்கை என்று ஆளுக்கொன்றாகக் கூப்பிட்டார்கள். அவளும் "பரவால்லீங்க" என்று சிரித்துவைத்தாள். தப்பாகச் சொல்லிப் பிள்ளையின் மனசை நோகடித்துவிடக் கூடாதே என்று பாவாயி "வா கண்ணு, சாப்பிடு கண்ணு" என்றே ஓட்டினாள். எங்கள் பக்கத்தில் இது ஒரு வசதி. கண்ணு, சாமி என்று இரண்டு சொல் கையில் இருந்தால், யார் பெயரும் தெரியாமலே ஆயுசு முழுக்கப் பாசமாக இருந்துவிடலாம்.

ஆனால் பாவாயி ஆட்டுக்குட்டியையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள். அதை மருமகள் கேட்டுவிட்டாள்.

ஜீவானந்தம் போனில் சொன்னான்: "அம்மா, கோயில் நோம்பிக்கு அவ வரலீங்கறா. உங்கம்மா என் பேரையே வாயில எடுக்கறதில்ல, என்னைப் பிடிக்கல போலங்கறா."

பாவாயி போனை வைத்ததும் சேலத்துக்குக் கிளம்பினாள். அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டாள்.

3

இங்கே என் பாவாயி மேல் எனக்கே கோபம். பஸ்ஸில் தனியாக முனகி என்ன ஆகப்போகிறது? தப்பான ஒலிதான் நாக்கில் பழகும். மகனிடம் கேட்கலாம் என்றால் அவனே "ஙாம்பி" என்பவன். காதலித்தவன் என்பதால் தப்பித்தான். சரியான ஒலி, பெயருக்கு உரியவளிடம்தான் இருக்கிறது. அவளிடமே கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்பது? எழுதிப் பார்த்தேன்.

"கண்ணு, உம்பேரு என் வாயில நொழைய மாட்டேங்குது. ராணின்னு வெச்சுக்கலாமா?" அடித்துவிட்டேன். வராத வாய் இவளுடையது. பெயரை அவள் எதற்கு மாற்றிக்கொள்ள வேண்டும்?

"நான் ஒண்ணுந் தெரியாத பாவி, மன்னிச்சுக்க சாமி..." இதுவும் கூடாது. இப்படி அழுதால் அந்தப் பெண் தன் வருத்தத்தை விட்டுவிட்டு மாமியாரைத் தேற்ற வேண்டிவரும்.

"உங்க ஊர்ல எல்லாப் பேரும் இப்படித்தான்..." (முடிக்கவே பிடிக்கவில்லை.)

4

ஙாங்பி கதவைத் திறந்தாள். பாவாயி செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கண்ணு, உம்பேரைச் சரியாச் சொல்லோணும்னு நொம்ப ஆசையா இருக்குது. நீயே மெதுவா ஒருக்கா சொல்லு. நான் தப்பாச் சொன்னா பரவால்லைன்னு உட்டுறாத."

அவள் மாமியாரின் பையை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு, "ஙாங்... பி."

"நாங்... பி."

"நாக்கு நுனி சும்மா இருக்கட்டும் அத்தை. 'வாங்க' சொல்லுங்க."

"வாங்க."

"'க' வேண்டாம். 'வாங்' சொல்லி நில்லுங்க. மூக்குல ஒரு சத்தம் வருதா? அதுல இருந்து ஆரம்பிங்க."

"ங்ங்... ஙா. ஙாங்."

"பி, அன்புல வர்ற பு மாதிரி."

"ஙாங்பி. இப்பச் சரியா?"

"இன்னும் கொஞ்சம் மூக்கு."

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: மனுவின் கீழே "இங்ஙனம்" என்று எழுதுகிறோமே, அதில் முதல் "இங்" போனால் மிஞ்சும் "ஙனம்" இந்த ஒலியில்தான் தொடங்குகிறது. பள்ளியில் ங ஙா ஙி என்று கத்தியதற்கு ஒருவழியாக வேலை வந்திருக்கிறது.)

டீ குடிக்கும்போது மறுபடி வழுக்கியது. "நாங்... ஙாங்பி, இன்னுங் கொஞ்சம் சக்கரை போடு." திருத்திக்கொண்டு பேச்சைத் தொடர்ந்துவிட்டாள். அந்த இடத்தில் பாவாயியை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

5

நோம்பித் திருவிழாவுக்கு ஙாங்பி வந்தாள். சேர்வராயன் கோயில் குகைக்குள் தலையைக் குனிந்து நிற்கிறார்கள். "யாரு பேருக்குங்க அர்ச்சனை?" என்று பூசாரி கேட்கிறார். பின்னால் ஊரே நிற்கிறது.

முடிவு அ: பாவாயி பிசகாமல் சொல்கிறாள், மணி அடிக்கிறது. சினிமா. வேண்டாம்.

முடிவு ஆ: பயந்துபோய் "மருமக பேருக்குங்க" என்று சமாளிக்கிறாள். இதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

முடிவு இ: சொல்கிறாள், ஆனால் பதற்றத்தில் "ஞாங்பி" என்று வந்துவிடுகிறது. ஊருக்கெல்லாம் பரவால்லீங்க சொன்ன பெண், அத்தனை பேர் முன்னால் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "இல்லீங்க அத்தை, இன்னொருக்கா சொல்லுங்க" என்கிறாள்.

இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. வெட்கமில்லை.

பாவாயி மூச்சை இழுக்கிறாள். பூசாரி தட்டோடு காத்திருக்கிறார். என்னால் எழுத்துதான் போட முடியும், சத்தம் போட முடியாது. நீங்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள்.